ஆறில் ஒரு பங்கு செலவு எங்கே போனது?

*சார், நான் வணிக நிர்வாகம் இரண்டாம் ஆண்டு மாணவி. ‘ஒரு சிறிய உள்ளூர் பிராண்டுக்குச் சமூக ஊடகமும் கன்டென்ட் மார்க்கெட்டிங்கும் நல்லதா, பழைய பாணி விளம்பரம் நல்லதா’ என்பது அசைன்மென்ட். துணிப்பை, தோள்பை தைத்து விற்கும் ஒரு பிராண்டைக் கற்பனையாக எடுத்துக்கொண்டேன். மாத விளம்பரப் பணத்தை 100 பங்காக வைத்து, நாளிதழ் விளம்பரத்துக்கு 30, சமூக ஊடகத்துக்கு 30 என்று போட்டேன். நாளிதழ் 20,000 பிரதி, பிரதிக்கு 3 வாசகர், ஆக 60,000 பார்வை. சமூக ஊடகத்தில் 3,60,000 இம்ப்ரெஷன். ஆயிரம் பார்வைக்கான செலவு ஆறில் ஒரு பங்குதான் வருகிறது. எனவே நாளிதழை விட்டுவிடலாம் என்று முடித்தேன். பேராசிரியர் ‘ஒப்பீடு நியாயமாக இல்லை’ என்று ஒரே வரி எழுதித் திருப்பிக் கொடுத்துவிட்டார். எங்கே தப்பு?*

உங்கள் பெருக்கல் வகுத்தலில் தப்பில்லை. ஒரு பக்கம் ஆட்களை எண்ணியிருக்கிறீர்கள், மறுபக்கம் தடவைகளை எண்ணியிருக்கிறீர்கள். அங்கேதான் கணக்கு சாய்ந்துவிட்டது.

இம்ப்ரெஷன் என்பது விளம்பரம் திரையில் வந்த தடவைகளின் எண்ணிக்கை. ஒரே ஆளுக்குப் பத்துத் தடவை காட்டினால் பத்து இம்ப்ரெஷன். தளம் விளம்பரக் கணக்கைக் காட்டும் டாஷ்போர்டில் இதற்குப் பக்கத்திலேயே ‘ரீச்’ என்று இன்னொரு எண் இருக்கும். எத்தனை தனித்தனி ஆட்களுக்குப் போனது என்பதை அது சொல்லும். உள்ளூர் பிராண்டுக்கு இந்த இரண்டும் வெகுதூரம் விலகி நிற்கும். காரணம் எளிது. கடையைச் சுற்றி ஒரு வட்டம் போட்டு, அதற்குள் இருப்பவர்களுக்கு மட்டும் காட்டு என்கிறோம். அந்த வட்டத்துக்குள் ஆட்கள் கொஞ்சம்தான். பணம் தீரவில்லையென்றால் பார்த்தவர்களுக்கே திரும்பத் திரும்பக் காட்டுவதைத் தவிர அந்தத் தளத்துக்கு வேறு வழியில்லை. உங்கள் வட்டத்தில் அந்தத் தளத்தைப் பயன்படுத்துவோர் 24,000 பேர் என்று வைத்துக்கொள்ளுங்கள். 3,60,000 இம்ப்ரெஷன் என்றால் ஆளுக்கு 15 தடவை. அதே பை, அதே படம், ஒரே மாதத்தில் 15 தடவை. ஏழெட்டாவது தடவைக்குப் பிறகு அந்தக் காட்சிகளுக்கு என்ன மதிப்பு என்று நீங்களே ஊகித்துக்கொள்ளலாம். சிலர் விளம்பரத்தை மறைத்துவிடுவார்கள்.

நாளிதழ் பக்கமும் திருத்தம் வேண்டும். 20,000 பிரதியும் உங்கள் கடைக்கு வந்துபோகக்கூடிய தூரத்திலா விநியோகமாகிறது? கால்வாசிதான் என்று வைத்தால் 60,000 வாசகரில் உங்களுக்குப் பயன்படுபவர் 15,000 பேர். மீதி முக்கால்வாசிக்கும் பணம் கொடுத்தாகிவிட்டது, ஆனால் அவர்கள் பை வாங்க வரப்போவதில்லை. சிறிய பிராண்டுகள் பெரிய நாளிதழில் விளம்பரம் கொடுத்துப் பணத்தைத் தொலைப்பது பெரும்பாலும் இப்படித்தான்.

இப்போது ஆட்களை வைத்து வகுத்துப் பாருங்கள். நாளிதழில் ஆயிரம் பேருக்கு 2 பங்கு. சமூக ஊடகத்தில் ஆயிரம் பேருக்கு 1.25 பங்கு. ஆறு மடங்கு வித்தியாசம் ஒன்றரை மடங்கு சொச்சமாகச் சுருங்கிவிட்டது.

இரண்டிலுமே ‘பார்த்தார்’ என்று நாம் சொல்வது ‘பார்க்க வாய்ப்பு இருந்தது’ என்பதைத்தான். நாளிதழைக் கையில் எடுத்தவர் உங்கள் பக்கத்தைப் புரட்டினாரா என்று யாருக்கும் தெரியாது. இணையத்திலும் நிலைமை அப்படியொன்றும் மேலில்லை. அமெரிக்காவின் மீடியா ரேட்டிங் கவுன்சில் 2014-ல் வகுத்த அளவுகோல்படி, படவிளம்பரத்தின் பாதிப் பரப்பு ஒரு விநாடி திரையில் இருந்தாலே அது ‘பார்க்கத்தக்கது’. வீடியோ என்றால் இரண்டு விநாடி. கட்டைவிரல் ஓடும் வேகத்தில் ஒரு விநாடிக்குள் என்ன பதியும்? தளங்களே தங்கள் எண்ணில் தவறியதும் உண்டு. 2016-ல் ஃபேஸ்புக், வீடியோவைச் சராசரியாக எவ்வளவு நேரம் பார்த்தார்கள் என்ற கணக்கை இரண்டு ஆண்டுகளாக மிகைப்படுத்திக் காட்டிவந்ததை ஒப்புக்கொண்டது. மூன்று விநாடிக்கு மேல் பார்த்தவர்களை மட்டும் வைத்துச் சராசரி எடுத்ததுதான் காரணம். விநாடியிலேயே தள்ளிவிட்டவர்கள் கணக்கிலேயே வரவில்லை.

அடுத்து, உங்கள் 30 பங்கில் என்ன விட்டுப்போயிருக்கிறது என்று பாருங்கள். தளத்துக்குக் கட்டிய பணம் மட்டும்தான் அதில் இருக்கிறது. அதில் போட்ட ரீல்ஸை யார் எடுத்தார்? சிறிய பிராண்டில் உரிமையாளரே எடுப்பார், அல்லது தையல் மெஷினில் உட்கார வேண்டியவர் எழுந்து வந்து எடுப்பார். மாதம் 12 ரீல்ஸ், ஒன்றுக்கு யோசிப்பது, எடுப்பது, வெட்டி ஒட்டுவது, எழுத்து போடுவது, பிறகு வரும் கேள்விகளுக்குப் பதில் சொல்வது எல்லாம் சேர்த்து 4 மணி நேரம் என்றால் 48 மணி நேரம். வெளியாள் வைத்தால் மணிக்கு அரைப் பங்கு கேட்பார் என்று கொண்டால் 24 பங்கு. 30-ஓடு சேர்த்தால் 54. அதை 24,000 பேருக்கு வகுத்தால் ஆயிரம் பேருக்கு 2.25 பங்கு. நாளிதழ் விளம்பரத்தை வடிவமைத்ததற்கு 2 பங்கு சேர்த்து 32 என்று கொண்டால், ஆயிரம் பேருக்கு 2.13.

நாளிதழ் ஒரு நூலிழை முந்திவிட்டது! அதற்காக ‘நாளிதழே சிறந்தது’ என்று முடிவை மாற்றி எழுதிவிடாதீர்கள். நான் வைத்த ஊகங்களில் ஒன்றை லேசாக நகர்த்தினாலும் முடிவு மறுபடி புரண்டுவிடும். விநியோகத்தில் கால்வாசி என்பதை ஐந்தில் ஒரு பங்கு என்று மாற்றிப் பாருங்கள், தெரியும். ஆளைச் சென்றடையும் செலவை வைத்து மட்டும் இந்தக் கேள்விக்குத் தீர்ப்புச் சொல்ல முடியாது என்பதைக் காட்டத்தான் இந்தக் கணக்கு. அசைன்மென்டில் இதை இப்படியே, ஊகங்களோடு, ஒரு பக்கத்துக்குப் போடுங்கள். பேராசிரியர் கேட்ட நியாயத்தில் பாதி அதிலேயே வந்துவிடும்.

இன்னொரு திருத்தம். கேள்வியில் சமூக ஊடகம், கன்டென்ட் மார்க்கெட்டிங் என்று இரண்டு இருக்கின்றன. நீங்கள் ஒரே பத்தியில் அடைத்துவிட்டீர்கள். சமூக ஊடகத்தில் போடும் பதிவு அடுத்தவர் திண்ணையில் கடை விரிப்பது மாதிரி. எத்தனை பேருக்குக் காட்டுவது என்பது திண்ணைக்காரர் இஷ்டம், ஓரிரு நாளில் பதிவு கீழே போய்விடும். கன்டென்ட் என்பது வாங்குபவரின் கேள்விக்குப் பதிலாக நீங்கள் உருவாக்கி உங்கள் இடத்தில் வைத்திருக்கும் பொருள். ‘கான்வாஸ் பையைச் சாயம் போகாமல் துவைப்பது எப்படி’ என்று உங்கள் தளத்தில் ஒரு நல்ல குறிப்பு எழுதினால், தேடுபவர்கள் மாதக்கணக்கில் வந்துகொண்டிருப்பார்கள். அதன் செலவை ஒரே மாதத்தில் ஏற்றக்கூடாது, அது வேலை செய்யும் காலம் முழுவதற்கும் பிரித்துப் போட வேண்டும். இது புது விஷயமும் இல்லை. டயர் கம்பெனியான மிஷ்லின் 1900-லேயே வாகன ஓட்டிகளுக்குப் பயணக் கையேடு அச்சிட்டு இலவசமாகக் கொடுத்தது. வண்டி ஓட ஓட டயர் தேயும் அல்லவா.

ஆனால் உள்ளூர் பிராண்டுக்கு இதில் ஒரு பள்ளம் இருக்கிறது. பெரும்பாலான பாடக்குறிப்புகள் அதைச் சொல்வதில்லை. பை துவைப்பது எப்படி என்று தேடுபவர் உலகின் எந்த மூலையிலும் இருப்பார். குறிப்பு பிரமாதமாக ஓடும், மாதம் 5,000 பேர் படிப்பார்கள், அதில் உங்கள் கடைக்கு வரும் தூரத்தில் இருப்பவர் நாற்பது பேராக இருக்கலாம். நாளிதழின் முக்கால்வாசி வீண் என்று மேலே சொன்னேனே, அதைவிட மோசமான வீண் இது. பார்சலில் அனுப்பாத பிராண்டுக்கு உதவும் கன்டென்ட் இடத்தோடு ஒட்டியதாக இருக்க வேண்டும்: வரைபடத்தில் கடையின் பதிவு, திறக்கும் நேரம், உள்ளே இருக்கும் பைகளின் உண்மையான படங்கள், வாடிக்கையாளர் மதிப்புரைகளுக்குப் பதில், ‘ஜிப் போன பழைய பைக்கு இங்கே ஜிப் மாற்றித் தருவீர்களா’ மாதிரிக் கேள்விகளுக்கு விடை. படிப்பவர் எண்ணிக்கை சிறியதாகத்தான் இருக்கும். ஆனால் படிப்பவர் கிளம்பி வரும் ஆள். எனவே அட்டவணையில் கன்டென்டுக்குத் தனிப் பத்தி கொடுத்து, அதில் ‘வட்டத்துக்குள் இருந்து வந்தவர்’ என்ற எண்ணை மட்டும் போடுங்கள்.

இனி முக்கியமான இடம். ஆளைச் சென்றடைவது ஒன்று, அதனால் விற்பனை கூடியதா என்பது வேறொன்று. சமூக ஊடகத்தில் எல்லாவற்றையும் அளக்கலாம், பழைய விளம்பரத்தை அளக்க முடியாது என்று உங்கள் அட்டவணையில் ஒரு வரி இருந்திருக்கும். எல்லா மாணவர்களும் எழுதும் வரி அது. அளப்பது என்னவோ உண்மை. எதை அளக்கிறது?

ஃபேஸ்புக்கை நடத்தும் மெட்டாவின் ‘ஆட்ஸ் மேனேஜர்’ என்ற விளம்பரக் கருவியில் வழக்கமாக இருக்கும் அமைப்பை எடுத்துக்கொள்ளுங்கள். விளம்பரத்தைக் கிளிக் செய்து ஏழு நாளுக்குள் வாங்கினால் அந்த விற்பனை விளம்பரத்தின் கணக்கில் சேரும். கிளிக்கே செய்யாமல், திரையில் வந்துபோய், ஒரு நாளுக்குள் வாங்கினாலும் சேரும். அந்த ஆள் எப்படியும் வாங்கியிருப்பாரா என்று டாஷ்போர்டு கேட்பதில்லை. ஏற்கெனவே உங்கள் தளத்துக்கு வந்து பையைக் கூடையில் போட்டவரைத் துரத்திப் போய் விளம்பரம் காட்டினால், அவர் வாங்கும்போது பெருமை விளம்பரத்துக்குப் போகும். வாசலில் நின்று உள்ளே வருகிறவர் எல்லார் கையிலும் நோட்டீஸ் கொடுத்துவிட்டு, ‘நோட்டீஸ் வாங்கிய அத்தனை பேரும் கடைக்குள் வந்தார்கள்’ என்று கணக்குக் காட்டுவது மாதிரி இது.

இதை நான் புத்தகத்தில் படித்துக் கற்கவில்லை, சூடு பட்டுத்தான் கற்றேன். பல ஆண்டுகளுக்கு முன் ஒரு சிறிய பிராண்டுக்கு ஊடகத் திட்டம் போட்டேன். டாஷ்போர்டில் தேடல் விளம்பரம் அமோகமாக வேலை செய்வது தெரிந்தது, பிட் நோட்டீஸுக்கு ஒரு ஆதாரமும் இல்லை. நோட்டீஸை நிறுத்தச் சொன்னது நான்தான். இரண்டு மாதத்தில் டாஷ்போர்டின் எண்களே சரியத் தொடங்கின. தேடல் அறிக்கையைத் திறந்து பார்த்தால், பிராண்டின் பெயரையே தட்டச்சு செய்து தேடியவர்கள் குறைந்திருந்தார்கள். நோட்டீஸைப் பார்த்தவர்கள் பெயரை ஞாபகம் வைத்து வீட்டில் போய்த் தேடியிருக்கிறார்கள். மேலே நின்ற விளம்பரத்தைக் கிளிக் செய்திருக்கிறார்கள். வேலை செய்தது காகிதம், கூலி வாங்கியது கிளிக்.

ஈபே நிறுவனம் 2012-ல் இதைச் சோதித்தே பார்த்தது. தன் பெயரைத் தேடுவோருக்குக் காட்டிய விளம்பரத்தைச் சில தேடுபொறிகளில் நிறுத்தியது. அந்த வழியாக வந்துகொண்டிருந்தவர்கள் கிட்டத்தட்ட முழுவதுமாக, கட்டணமில்லாத சாதாரணத் தேடல் முடிவுகள் வழியாக வந்துவிட்டார்கள். கட்டிய பணத்துக்குப் பயனே இல்லை. ஆனால் ‘இணைய விளம்பரம் வீண்’ என்று இதை மேற்கோள் காட்டிவிடாதீர்கள். அதே ஆய்வில், பெயர் சாராத சொற்களுக்கான விளம்பரம் புதியவர்களிடமும் எப்போதாவது வாங்குபவர்களிடமும் பலன் தந்தது. யாருக்கும் தெரியாத சிறிய பிராண்டுக்கு வருகிறவர் பெரும்பாலும் புதியவர்தான். ஈபேயின் பாடத்தை அப்படியே உங்கள் பைக்கடைக்குப் பொருத்த முடியாது.

அப்படியானால் எப்படி அளப்பது? ஒரு பகுதியில் விளம்பரத்தை ஓட விட்டு, அதேபோன்ற இன்னொரு பகுதியில் நிறுத்தி வைத்து, இரண்டின் விற்பனையையும் முன்னும் பின்னும் பார்ப்பதுதான் வழி. சிறிய பிராண்டாலும் செய்யக்கூடியது இது. பில் போடும்போது வாடிக்கையாளரின் பகுதியைக் கேட்டுக் குறித்தால் போதும். ஒட்டிய பகுதிகளாக எடுக்கக்கூடாது, ஆட்கள் இங்கும் அங்கும் போய்வருவதால் விளம்பரம் கசியும். நாளிதழ் விளம்பரத்தை இப்படிப் பகுதி பிரித்துப் போட முடியாது. ஆனால் நாளிதழுக்குள் செருகும் நோட்டீஸை முகவர்வாரியாகப் பிரிக்கலாம், எனவே பழைய பக்கத்துக்கு அதையே வைத்துக்கொள்ளுங்கள். தூரத்துப் பிரதிகளுக்குப் பணம் கொடுக்கும் வீணும் அதில் போய்விடும். ஆனால் பிரதிக்கு மூன்று பேர் என்ற பெருக்கல் செல்லாது. செருகிய நோட்டீஸ் நாளிதழை முதலில் பிரிப்பவரோடு முடிந்துவிடும்.

சமூக ஊடகத்துக்கான சோதனையைக் கற்பனை எண்களில் போட்டுக் காட்டுகிறேன். விளம்பரம் ஓடிய பகுதியில் முந்தைய நான்கு வாரத்தில் 80 பை விற்றது, ஓடிய நான்கு வாரத்தில் 104. நிறுத்தி வைத்த பகுதியில் முன்பு 75, பிறகு 84. அதாவது விளம்பரமே இல்லாமல் அங்கே 12 சதவீதம் கூடியிருக்கிறது. பள்ளி திறக்கும் நேரமோ என்னவோ, பொதுவாகவே பை விற்கும் மாதம். அதே 12 சதவீதத்தை முதல் பகுதிக்கும் போட்டால் விளம்பரம் இல்லாமலேயே 90 பை விற்றிருக்கும். எனவே விளம்பரம் கூடுதலாகக் கொண்டுவந்தது 14. டாஷ்போர்டு 31 என்று சொல்லிக்கொண்டிருக்கும். இந்த 14-ஐ வைத்துத்தான் ஒரு கூடுதல் விற்பனைக்கு எத்தனை பங்கு செலவு என்று வகுக்க வேண்டும். நோட்டீஸுக்கும் இதே முறையில் ஒரு எண் வரும். அந்த இரண்டு எண்களை எதிரெதிரே வைத்தால் அது நியாயமான ஒப்பீடு. வசதிக்காகச் செலவுக் கணக்கை அந்தப் பகுதிக்குப் போன பணத்துக்கு மட்டும் போடுங்கள், மொத்தப் பட்ஜெட்டை ஏற்றிவிடாதீர்கள்.

நில்லுங்கள், 14-ஐயும் அப்படியே நம்பிவிடக்கூடாது. 80, 75 போன்ற சிறிய எண்ணிக்கைகள் எந்தக் காரணமும் இல்லாமலே மேலும் கீழும் ஆடும். எண்பது விற்பனை என்றால் அதன் வர்க்கமூலமான ஒன்பது வரை ஏறி இறங்குவது சகஜம். இங்கே அப்படி ஆடும் எண்கள் நான்கு இருக்கின்றன. நான்கின் ஆட்டத்தையும் சேர்த்தால் நம் 14-க்கு இருபுறமும் சுமார் 20 வரை பிசகு வரலாம். அதாவது உண்மைப் பலன் 34 ஆகவும் இருக்கலாம், ஒன்றுமே இல்லாமலும் இருக்கலாம். சிறிய பிராண்டின் நிஜமான சங்கடம் இதுதான். தெளிவான பதில் சொல்லும் அளவுக்கு அதனிடம் விற்பனையே இல்லை. பெரிய நிறுவனம் இரண்டு வாரத்தில் கண்டுபிடிப்பதை இது ஆறு மாதம் காத்திருந்துதான் கண்டுபிடிக்கும். ஓடிய பகுதியை நிறுத்தி, நிறுத்திய பகுதியில் ஓட்டி, நான்கு வாரத்துக்கு ஒருமுறை மாற்றி மாற்றிச் செய்து எண்களைக் கூட்டிக்கொண்டே போக வேண்டும்.

அதுவரை கைக்கு இருக்கும் மலிவான வழிகளில் ஒன்று நோட்டீஸில் ஒரு தள்ளுபடிக் குறி போடுவது. அதைக் காட்டியவர்களை எண்ணினால் குறைந்தபட்சம் தெரியும். நோட்டீஸைப் பார்த்துவிட்டுக் குறியை மறந்தவர்கள் விட்டுப்போவார்கள். குறி ஏதாவது குழுவில் பகிரப்பட்டால் எண் திடீரென்று எகிறும், அப்போது அந்த வாரத்தைக் கழித்துவிடுங்கள். இன்னொன்று, கல்லாவில் ‘எங்களைப் பற்றி எப்படித் தெரியும்’ என்று கேட்பது. மக்கள் கடைசியாகப் பார்த்ததைத்தான் சொல்வார்கள். நோட்டீஸ் பார்த்துத் தேடியவரும் ‘நெட்ல பார்த்தேன்’ என்பார். ‘அதற்கு முன்னால் எங்காவது கேள்விப்பட்டீர்களா’ என்று இரண்டாவதாக ஒரு கேள்வி கேட்கச் சொல்லுங்கள். பதில்கள் எவ்வளவு மாறுகின்றன என்று பார்த்தால் உங்களுக்கே வியப்பாக இருக்கும்.

அசைன்மென்டின் முடிவை இப்படி எழுதினால் எனக்குத் திருப்தி: வாங்குபவர்கள் சிறிய வட்டத்துக்குள் இருக்கிறார்கள், அவர்களுக்குப் பிராண்டின் பெயர் தெரியாது என்றால், பெயரைப் பதிய வைக்க அந்த வட்டத்துக்குள் மட்டும் போகும் நோட்டீஸும், ஆளுக்கு 15 தடவையை நான்கைந்தாகக் குறைத்த சமூக ஊடக விளம்பரமும் சேர்ந்தே ஓட வேண்டும். பெயரைத் தேடி வருகிறவரைப் பிடித்து வைக்க வரைபடப் பதிவும் இடம் சார்ந்த கன்டென்டும் வேண்டும். சமூக ஊடகத்தில் மிச்சமாகும் பணத்தைப் பகுதி மாற்றும் சோதனைக்கு வையுங்கள். பார்சலில் எங்கும் அனுப்பும் பிராண்டாக இருந்தால் இந்த முடிவு மாறும், அப்போது துவைக்கும் குறிப்புக்கு வரும் 5,000 பேரும் வாடிக்கையாளர் ஆகக்கூடியவர்களே. அதையும் ஒரு வரியில் சொல்லிவிடுங்கள். வைவாவில் ‘விளம்பரத்தால் எத்தனை விற்பனை கூடியது’ என்று கேட்டால் 14 என்று சொல்லி நிறுத்தாமல், அந்த 20-ஐயும் சேர்த்துச் சொல்லுங்கள்.